லேப்ஸ் ஆன ஆயுள் பாலிசியைப் புதுப்பிக்க மின்னஞ்சல் எழுதுவது எப்படி: சித்தப்பாவின் பாலிசியை வைத்து ஒரு செய்முறை

போன அக்டோபரில் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய கையோடு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் அவருக்கு. கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பாலிசி பத்திரம். ‘மூணு தவணை கட்டல. ஆபீஸுக்கு மெயில் போடணுமாம், எழுதிக் குடுப்பா’ என்றார்.

அன்று எழுதிய மின்னஞ்சலை வைத்தே இந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். அவருடையது எல்.ஐ.சி. பாலிசி, அதனால் படிவத்தின் பெயரெல்லாம் அங்கே வழங்குவது. மற்ற நிறுவனங்களில் பெயர் மாறும், வேலை ஏறக்குறைய இதேதான்.

படி 1: பாலிசி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

பத்திரத்திலும் கடைசி ரசீதிலும் நான்கு விவரங்கள் வேண்டும்: பாலிசி எண், பாலிசி தொடங்கிய தேதி, தவணை முறை, கட்டாமல் விட்ட முதல் தவணையின் தேதி. கடைசியாகச் சொன்னதைத்தான் அலுவலகத்தில் ‘எஃப்.யு.பி.’ என்பார்கள். எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

சித்தப்பா பாலிசி எடுத்தது 15.06.2021. காப்புத் தொகை இரண்டரை லட்சம், 20 வருடம், அரையாண்டுத் தவணை 7,000 ரூபாய். ஆறு தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். 15.06.2024 தவணையிலிருந்து விட்டுப் போயிருக்கிறது. அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள். அதற்குள் கட்டியிருந்தால் பேச்சே இல்லை. அது தாண்டியதால் பாலிசி படுத்துவிட்டது.

மூன்று வருடம் கட்டியதால் பணம் முழுதாகப் போய்விடவில்லை. 40 தவணையில் 6 கட்டியிருக்கிறார், அதனால் காப்புத் தொகையும் அதே விகிதத்தில் சுருங்கி 37,500 ரூபாய் அளவில் நின்றுவிட்டது. ‘லேப்ஸ்தானே, மெதுவாப் பாத்துக்கலாம்’ என்று விடுகிற எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒன்றரை வருடத்தில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், இரண்டரை லட்சம் வரும் என்று சித்தி நம்பியிருந்த இடத்தில் கைக்கு வருவது அவ்வளவுதான்.

புதுப்பிக்க எத்தனை காலம் உண்டு என்பது பத்திரத்தின் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். இவருடையது போன்ற, பங்குச் சந்தையோடு சேராத பாலிசிக்கு முதல் கட்டாத தவணையிலிருந்து 5 வருடம். யூலிப் வகைக்கு 3 வருடம்.

படி 2: பணம் கட்டும் முன் கொட்டேஷன் கேளுங்கள்

முதல் மின்னஞ்சலின் வேலை இதுதான். 21,000 நிலுவை என்று நாமே கூட்டிவிடலாம், ஆனால் அதன் மேல் வட்டி உண்டு. விட்டுப் போன ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் தேதியிலிருந்து, அரையாண்டுக்கு ஒரு முறை கூட்டு வட்டியாகப் போடுவார்கள். மனக்கணக்குக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அக்டோபர் நடுவில் மூன்று தவணைக்கும் சேர்த்து வட்டி சுமார் 1,620 ரூபாய் வரும். உண்மையான விகிதத்தை அலுவலகம்தான் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் ‘இந்தத் தேதி வரை’ என்று போட்டிருப்பார்கள். அந்தத் தேதி தாண்டினால் தொகையும் மாறிவிடும்.

மின்னஞ்சல் போக வேண்டியது பாலிசியைப் பராமரிக்கும் கிளைக்கு. ரசீதில் கிளையின் பெயர் இருக்கும். பாலிசியில் பதிவான முகவரியிலிருந்து அனுப்புவது நல்லது. என் முகவரியிலிருந்து போனால், பாலிசி விவரத்தை மூன்றாம் ஆளுக்கு எப்படித் தருவது என்று அவர்கள் தயங்குவது நியாயம்தான். சித்தப்பாவுக்கு மின்னஞ்சலே இல்லை. புதிதாக ஒன்று தொடங்கி, கையெழுத்திட்ட கடிதத்தோடு கிளைக்குப் போய் அதைப் பதிந்துவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதினோம். ஒரு நாள் வேலை, ஆனால் பிறகு தடங்கல் வரவில்லை.

படி 3: உடல்நலத்தை உள்ளபடி சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

புதுப்பிக்கும்போது உடல்நல அறிவிப்பு கேட்பார்கள். எல்.ஐ.சி.யில் படிவம் 680. பாலிசி எடுத்த பிறகு ஏதாவது நோய் வந்ததா, சிகிச்சை எடுத்தீர்களா, மருத்துவமனையில் சேர்ந்தீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். சித்தப்பாவுக்கு 2024 டிசம்பரில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. படிவத்தைப் பார்த்ததும் அவர் கேட்டார்: ‘இத எழுதினா பாலிசி போயிடாதா? எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுன்னுதான் சொல்றாங்க.’

அப்படிச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். காப்பீட்டுச் சட்டம் பிரிவு 45-ன்படி, பாலிசி தொடங்கி 3 வருடம் முடிந்துவிட்டால் அதன் பிறகு நிறுவனம் எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியைக் கேள்விக்கு உள்ளாக்க முடியாது. அந்த 3 வருடத்துக்குள் என்றால், முக்கியமான விவரத்தை மறைத்தார் என்று காட்டி மறுக்கலாம். சித்தப்பா 2021 ஜூனில் தொடங்கியதால் 2024 ஜூனோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆனால் அதே பிரிவு, புதுப்பித்த தேதியிலிருந்தும் 3 வருடத்தை எண்ணச் சொல்கிறது; எது பிந்தியதோ அதுதான் கணக்கு. 2025 நவம்பரில் புதுப்பித்தால் 2028 நவம்பர் வரை கேள்வி கேட்க இடம் உண்டு.

ஆக, இன்று போடும் ஒரு ‘இல்லை’, நாளை சித்தி கோரிக்கை மனுவோடு நிற்கும்போதுதான் வெளியே வரும். அவருடைய சர்க்கரை அளவு ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவில் இருக்கிறது, மருந்துப் புத்தகத்தில் இருக்கிறது. இறந்தவர் வந்து விளக்கம் சொல்ல முடியாது. சர்க்கரையை எழுதினால் என்ன நடக்கும்? மருத்துவ அறிக்கை கேட்பார்கள். பார்த்துவிட்டு அப்படியே ஏற்கலாம், கூடுதல் பிரீமியம் போடலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால்கூட அந்த 37,500 அப்படியே இருக்கும். இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ‘சரி, எழுது’ என்றார்.

எழுதும்போது ‘லேசான சர்க்கரை’ என்று எழுதாதீர்கள். எந்த மாதம் தெரிந்தது, என்ன மருந்து, எவ்வளவு, எங்கே பார்க்கிறார் என்று எழுதுங்கள். கேள்விக்கு வேலை வைக்காத பதில்தான் சீக்கிரம் முடியும்.

படி 4: மின்னஞ்சல்

பொருள் வரியிலேயே பாலிசி எண் இருக்கட்டும். நாங்கள் அனுப்பியது:

> பொருள்: பாலிசி எண் (எண்) – புதுப்பிக்கக் கோரிக்கை, கொட்டேஷன் வேண்டி
>
> மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். மேற்கண்ட பாலிசி என் பெயரில் 15.06.2021 அன்று தொடங்கியது. அரையாண்டுத் தவணை ரூ. 7,000. 15.06.2024, 15.12.2024, 15.06.2025 ஆகிய மூன்று தவணைகளையும் பணமுடையால் கட்ட இயலவில்லை. முழு நிலுவையையும் வட்டியுடன் ஒரே தடவையில் செலுத்தி, பாலிசியைப் புதுப்பித்துக்கொள்ள விரும்புகிறேன்.
>
> என் உடல்நலம் குறித்து: 2024 டிசம்பரில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது கண்டறியப்பட்டது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு எடுத்து வருகிறேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை. பாலிசி எடுத்த பிறகு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சையோ அறுவைச் சிகிச்சையோ செய்துகொண்டதில்லை.
>
> பூர்த்தி செய்த படிவம் 680, ஆதார் நகல், மருந்துப் புத்தகத்தின் நகல், கடைசி ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். படிவத்தின் அசலை நேரில் தருகிறேன்.
>
> செலுத்த வேண்டிய மொத்தத் தொகை, அது எந்தத் தேதி வரை செல்லும், மருத்துவப் பரிசோதனை எவை தேவை என்பவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், முகவரி, பதிவான கைபேசி எண், தேதி)

ஏன் கட்டவில்லை என்பதற்கு ஒரு வரி போதும். மழை, கடன் என்று நீட்டினால் படிக்கிறவருக்கு வேண்டிய தேதியும் தொகையும் அடியில் போய்விடும். உடல்நலப் பத்தியும் படிவமும் ஒரே மாதிரி பேச வேண்டும். மின்னஞ்சலில் சர்க்கரை, படிவத்தில் ‘இல்லை’ என்றால் அதைவிடக் கேடு வேறில்லை. கைநாட்டு வைப்பவர், அல்லது ஆங்கிலப் படிவத்தில் தமிழில் கையெழுத்திடுபவர் என்றால், படிவத்தை அவருக்குப் படித்து விளக்கியவரும் அதற்கான இடத்தில் கையெழுத்திட வேண்டும். இந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் பலருடைய படிவம் திரும்பி வருகிறது.

படி 5: பணம் கட்டியது புதுப்பித்ததாகாது

ஒரு வாரத்தில் பதில் வந்தது: தொகையும், ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும், அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரின் அறிக்கையும் வேண்டும் என்று. பரிசோதனைச் செலவு நம்முடையது. தொகையைக் கிளை கவுன்ட்டரிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ மட்டும் கட்டுங்கள். ‘நான் ரிவைவ் பண்ணித் தர்றேன், என் நம்பருக்கு அனுப்புங்க’ என்று யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

ரசீது கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடிவு வரும் வரை அந்தப் பணம் டெபாசிட்டாகத்தான் கிடக்கும். நிறுவனம் ஏற்றுக்கொண்டு தெரிவித்த பிறகுதான் பாலிசிக்கு முழு உயிர். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கில், பாலிசி லேப்ஸாக இருந்தபோது விபத்து நடந்தது. அதன் பிறகு நிலுவையைக் கட்டியும், கூடுதல் விபத்துப் பலன் கிடையாது என்று தீர்ப்பானது. அதனால் பணம் கட்டிய பத்து நாளில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ரசீது எண்ணையும் தேதியையும் போட்டு, ‘புதுப்பித்த தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். சித்தப்பாவுக்கு நவம்பர் முதல் வாரத்தில் அந்தக் கடிதம் வந்தது. கூடுதல் பிரீமியம் போடவில்லை. கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து அதே மஞ்சள் பையில் வைத்திருக்கிறார்.

படி 6: அடுத்த தவணை

ஜூனும் டிசம்பரும் நம் பக்கத்து விவசாயிக்குக் கை வறண்ட மாதங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் உழவுக்கும் நாற்றுக்கும் காசு போகும். டிசம்பரில் சம்பா வயலில் நிற்கும். தவணை தேதியை மாற்ற முடியாவிட்டாலும், முன்கூட்டிக் கட்ட வழியிருக்கிறது. அதே நிதியாண்டில் வரும் தவணையை முன்பே கட்டலாம், அடுத்த நிதியாண்டுத் தவணை என்றால் மூன்று மாதம் முன்பு வரை. ஆகவே டிசம்பர் தவணையைக் குறுவைப் பணத்திலேயே சித்தப்பா கட்டிவிட்டார். ஜூன் தவணைக்கு மார்ச் 15 என்று நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறோம். சம்பா நெல்லுக்குப் பணம் ஏறியிருக்கும் நேரம் அது.