காலையில் மூன்று வேலை, மிச்சத்துக்கு ஒரு முடிவு

கல்லடியில் வீட்டிலேயே தையல் செய்யும் ஒருவரின் கொப்பியில் காலையில் ஒன்பது வேலை இருக்கிறது என்று வைப்போம். எது முக்கியம் என்று யோசித்தால் ஒன்பதுமே முக்கியமாகத்தான் தெரியும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: இன்று செய்யாவிட்டால் நாளைக்கு யார் வந்து வாசலில் நிற்பார்கள்?

நாளை பள்ளிக்கூடம் போட்டுப்போகும் சீருடை, வெள்ளிக்கிழமைக் கலியாணத்துக்குரிய சாரிச்சட்டையை வெட்டிவைப்பது, கரண்ட் பில் கட்டுவது. இந்த மூன்றும் போதும். பெரியது ஒன்று, சின்னது இரண்டு என்று எடுங்கள். மூன்றும் பெரிதானால் பின்னேரம் மூன்றுமே அரைகுறையாகக் கிடக்கும். "சாரிச்சட்டை" என்று மொட்டையாக எழுதாமல் "வெட்டிவைப்பது" என்று எழுதினால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். பின்னேரம் கரண்ட் நிற்கும் என்று அறிவித்திருந்தால் மெஷின் வேலை முதலில்.

மிச்சம் ஆறையும் அப்படியே நாளைய பக்கத்துக்கு ஏற்றாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதியோ ஆளின் பெயரோ எழுதுங்கள், இரண்டும் வராவிட்டால் வெட்டுங்கள். நூல் வாங்க டவுனுக்குப் போவது சனிக்கிழமை. பொத்தான் தைப்பது மகளுக்கு. பழைய துணிப்பெட்டியை அடுக்குவதா? கோடு போடுங்கள், தேவையென்றால் அது தானாகத் திரும்பி வரும்.

திகதி போட்ட வேலை மூன்றாம் தடவையும் தள்ளிப்போனால் அது பெரிய வேலை. அரை மணித்தியாலத்தில் முடிகிற துண்டாக உடைத்து மறுநாள் மூன்றில் ஒன்றாக வையுங்கள், அல்லது வாடிக்கையாளருக்கு இப்போதே கோல் எடுத்து முடியாது என்று சொல்லிவிடுங்கள்.