மண்டிச் சீட்டிலிருந்து பட்டத்துக் கணக்கு: சின்ன வெங்காயத்தை வைத்து ஒரு செய்முறை

சீட்டின் அடியில் இருக்கும் தொகையை அப்படியே வரவு என்று எழுதிக்கொண்டிருந்தால், பட்டம் முடியும்போது கணக்கு உதைக்கும். ஏனென்றால் மண்டியில் வாங்கிய முன்பணத்தையும் அதில்தான் கழித்திருப்பார்கள், அது செலவே இல்லை, முன்னாடியே கைக்கு வந்த நம் காசு.

முதலில், சீட்டு கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். கார்பன் எழுத்து சட்டைப் பையில் நாலு நாள் கிடந்தாலே மங்கிவிடும்.

அடுத்து கூகுள் ஷீட்டில் முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, இரண்டாவது வரியிலிருந்து ஒரு சீட்டுக்கு ஒரு வரி. A-யில் தேதி, B-யில் சீட்டு எண், C-யில் மூட்டை, D-யில் மொத்த எடை, E-யில் கழிவு எடை, F-இல் கிலோ விலை, G-யில் கமிஷன், H-இல் இறக்கு கூலி, I-யில் வண்டி வாடகை, J-யில் முன்பணக் கழிவு, K-யில் சீட்டின் அடித்தொகை.

ஒரு சீட்டைப் பார்ப்போம். 12 மூட்டை, 618 கிலோ. மூட்டைக்கு 2 கிலோ வீதம் கழிவு 24 கிலோ, விலை 32 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று 1,901, கூலி 120, வாடகை 480, முன்பணம் 5,000. அடித்தொகை 11,507.

இப்போது L2, M2, N2 மூன்றிலும் வரிசையாக இதைப் போட்டு, அடுத்தடுத்த சீட்டு வரிகளுக்கும் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=(D2-E2)*F2
=L2-G2-H2-I2
=M2-J2-K2
```

L-இல் 19,008 வரும். M-இல் வரும் 16,507-தான் இந்தச் சீட்டின் உண்மையான வரவு. N பூஜ்யம் காட்ட வேண்டும், ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் இருந்தால் மண்டிக்காரர் சில்லறையைத் தள்ளியிருப்பார், விடுங்கள். அதற்கு மேல் போனால் N-ஐ விலையால் வகுத்துப் பாருங்கள். 618-ஐ 678 என்று படித்திருந்தால் N-இல் 1,920 நிற்கும், 32-ஆல் வகுத்தால் சரியாக 60 கிலோ, ஆக தப்பு எடையில்தான். வகுத்து முழு எண் வராவிட்டால் கமிஷனையும் கூலியையும் மறுபடி பாருங்கள்.

ஒரே சரக்கைப் பெரிசு, பொடி என்று பிரித்து இரண்டு விலை போட்டிருந்தால் இரண்டு வரியாக எழுதுங்கள். வாடகை, கூலி, கமிஷன், முன்பணம், அடித்தொகை எல்லாம் முதல் வரியில் மட்டும். அப்போது இரண்டு வரி N-ஐயும் கூட்டினால்தான் பூஜ்யம் வரும்.

கழிவு எடைக்கான பணம் சீட்டின் எந்தக் கழித்தலிலும் தெரியாது. இந்தச் சீட்டில் அது 24 × 32, அதாவது 768 ரூபாய், கூலியையும் வாடகையையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவுதான்! E-யைத் தனியாக எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக O-வில் பட்டத்தின் பெயர். விற்ற தேதியை வைத்து எழுதாதீர்கள். வெங்காயம் பட்டறையில் மாசக்கணக்கில் கிடந்து விலை ஏறியபின் போகும், ஆனால் அது நட்ட பட்டத்தின் வரவு. Q1-இல்:

```
=SUMIF(O:O,"வைகாசிப் பட்டம்",M:M)
```

ஒரு வரியில் "வைகாசி பட்டம்" என்று ஒற்று விட்டு அடித்தாலும் அந்தச் சீட்டு கூட்டலில் சேராது, அதனால் பெயரை மேல் வரியிலிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள்.