சின்ன டேட்டாவில் ஃபீச்சர் தேர்வு: எங்கே தவறுகிறோம்?

60 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 2000 மரபணு அளவுகள், பாதிப் பேருக்கு நோய் உண்டு, பாதிப் பேருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதில் 20 ஃபீச்சர்களை மட்டும் எடுக்க வேண்டும்.

பலர் முதலில் கை வைப்பது ஃபில்டர் முறையில். ஒவ்வொரு ஃபீச்சரையும் தனித்தனியாக லேபிளோடு ஒப்பிட்டு, மேலே வரும் 20-ஐ எடுப்பார்கள். முறையில் குறை இல்லை, செய்யும் இடம்தான் தவறு. 60 பேரையும் வைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் கிராஸ் வேலிடேஷன் செய்கிறார்கள். சோதனைக்கு ஒதுக்க வேண்டிய ஆட்களின் விடையைத் தேர்வு ஏற்கெனவே பார்த்துவிட்டது. எந்தத் தொடர்பும் இல்லாத 2000 ஃபீச்சர்கள் இருந்தால்கூட, p-மதிப்பு 0.05-க்குக் கீழ் என்ற அளவுகோலில் சுமார் 100 ஃபீச்சர்கள் தற்செயலாகவே தேறிவிடும். அவற்றில் சிறந்த 20-ஐ எடுத்தால் துல்லியம் அருமையாகத்தான் தெரியும்.

தேர்வை கிராஸ் வேலிடேஷனின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும், பழக்கும் ஆட்களை மட்டும் வைத்து நடத்த வேண்டும்:

```python
pipe = make_pipeline(
    StandardScaler(),
    SelectKBest(f_classif, k=20),
    LogisticRegression())
cross_val_score(pipe, X, y, cv=5)
```

சந்தேகமா? `y`-ஐக் குலுக்கிவிட்டு முழு வேலையையும் பலமுறை ஓட்டிப் பாருங்கள். சராசரி 50 சதவீதத்தை ஒட்டி வராமல் 80 வந்தால், எங்கோ விடை கசிகிறது.

அடுத்த தவறு, ‘மாடலையே கேட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் சிறந்தது’ என்று ராப்பர் முறைக்குத் தாவுவது. இதில் ஒவ்வொரு ஃபீச்சர் சேர்க்கைக்கும் மாடலைப் பழக்கி, அதன் துல்லியத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். 2000-இலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து 10 எடுக்க 19,955 சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டும். 5 மடிப்பு என்றால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முறை மாடலைப் பழக்க வேண்டும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. 60 பேரை வைத்து அளக்கும் துல்லியம் தற்செயலாகவே 6, 7 சதவீதப் புள்ளிகள் ஏறி இறங்கும். இருபதாயிரம் மதிப்பெண்களில் உச்சத்தைப் பிடித்தால் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான் பிடிக்கிறோம். பத்துப் பதினைந்து ஃபீச்சர்களும் சில நூறு வரிசைகளும் இருந்தால் ராப்பர் சரி. ஃபீச்சர்கள் சேர்ந்தால்தான் பயன் தரும் என்ற நிலையை ஃபில்டர் காணாது, ராப்பருக்கு அதைக் காண வாய்ப்புண்டு.

எம்பெடெட் முறையில் தேர்வு மாடலைப் பழக்கும்போதே நடக்கிறது. நம்முடைய 60 பேருக்கு நான் எடுப்பது இதைத்தான். முதலில் தளர்வான ஃபில்டரில் 200 வரை குறைத்துவிட்டு, பிறகு லாசோ. பெரிய எடைகளைத் தண்டித்து, பல ஃபீச்சர்களின் எடையை அது சுழியாக்கிவிடும். இரண்டும் பைப்லைனுக்குள்ளேயே. அளவீடுகளை ஸ்கேல் செய்யாமல் விட்டால் லாசோ நியாயமாகத் தண்டிக்காது, அதை மறக்கக் கூடாது.

லாசோவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் இரண்டு மரபணுக்களில் அது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சுழியாக்கிவிடலாம். நான்கைந்து ஆட்களை மாற்றினால் தேர்வும் இடம் மாறும். அதனால் ‘லாசோ விட்டது, எனவே தேவையற்றது’ என்று எழுதிவிடாதீர்கள். 60 பேரிலிருந்து மீள்மாதிரி எடுத்து 100 முறை ஓட்டி, எது எத்தனை முறை தேர்வாகிறது என்று எண்ணுங்கள். 90 முறை வருவதை நம்பலாம். 30 முறை வருவதை அறிக்கையில் பெயர் சொல்லி எழுத வேண்டாம். ஒட்டிய ஜோடிகள் நிறைய இருந்தால் எலாஸ்டிக் நெட் அவற்றைப் பெரும்பாலும் சேர்த்தே வைத்துக்கொள்ளும்.