நொதியத்தின் pH வளைகோடு: தாங்கல் மாறும் இடத்தில் என்ன நடக்கிறது?

நொதியத்தின் தொழிற்பாட்டை pH 4 இலிருந்து 7.6 வரை அளக்க வேண்டுமென்றால் ஒரே தாங்கற் கரைசலை வைத்து முடிக்க முடியாது. ஒரு தாங்கல் தன் pKa பெறுமானத்துக்கு மேலும் கீழும் ஏறத்தாழ ஓர் அலகு தூரமே pH ஐப் பிடித்து நிறுத்தும். ஆகவே இரண்டு மூன்று தாங்கல்களைத் தொடுக்கிறோம். தொடுக்கும் இடத்தில் கோடு திடீரென்று இறங்கினால், அது நொதியத்தின் குணமா, தாங்கலின் குறும்பா? ஒரே pH ஐ இரண்டு தாங்கல்களிலும் அளந்தால்தான் இதற்கு விடை தெரியும்.

பயிற்சிக்கு முளைவிட்ட பயறிலுள்ள அமில பொசுபற்றேசு நல்ல நொதியம். புறக்கோட்டையில் வாங்கிய பயறை ஓரிரு நாள் முளைக்க விட்டால் போதும். 10 கிராம் முளையை, pH 5 இல் உள்ள 10 மில்லிமோலர் குளிர்ந்த அசற்றேற்று 20 மி.லீ. உடன் அரைத்து, துணியில் வடித்து, மையநீக்கி எடுங்கள். மேலே நிற்கும் தெளிவான நீரே உங்கள் நொதியம். அதை அப்படியே பயன்படுத்தாமல் அசற்றேற்றில் இருபது மடங்கு ஐதாக்குங்கள். பயறுக்குள் இருக்கும் இயற்கையான பொசுபேற்றும் அதனால் குறையும். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

தாங்கல்களைத் தெரிவு செய்தல்

அசற்றேற்று (pKa 4.76) pH 4.0 இலிருந்து 5.6 வரை, மெஸ் (6.1) 5.4 இலிருந்து 6.8 வரை, ஹெப்பெஸ் (7.5) 6.6 இலிருந்து 7.6 வரை. அசற்றேற்றும் மெஸ்ஸும் 5.4, 5.6 இல் ஒன்றன்மேல் ஒன்று விழும். மெஸ்ஸும் ஹெப்பெஸும் 6.6, 6.8 இல். ஒவ்வொரு தொடுப்பிலும் இரண்டு புள்ளிகள் கட்டாயம் வேண்டும். ஒரு புள்ளி மட்டும் என்றால் தாங்கலின் பாதிப்பையும் pH அமைத்ததில் வந்த தவறையும் பிரித்தறிய வழியில்லை.

எல்லாவற்றையும் தாக்கக் கலவையில் 50 மில்லிமோலராக வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. pH 5.6 இல் அசற்றேற்றின் 87 சதவீதம் அயனாக நிற்கிறது. அதாவது அயன் வலிமை 44 மில்லிமோலர். அதே pH இல் மெஸ்ஸின் 24 சதவீதமே எதிரேற்றம் கொண்டது. மீதி ஒட்டுமொத்தத்தில் ஏற்றமற்றது. அங்கே அயன் வலிமை 12 தான். செறிவும் ஒன்று, pH உம் ஒன்று, ஆனால் நொதியம் இரண்டு வேறு உப்புச் சூழலில் வேலை செய்கிறது. இந்த வேறுபாட்டைத் தாங்கலின் தலையில் கட்டக் கூடாது. ஆகவே சோடியம் குளோரைட்டுச் சேர்த்து எல்லாவற்றின் அயன் வலிமையையும் 100 மில்லிமோலருக்குக் கொண்டுவருங்கள்: pH 5.6 இல் அசற்றேற்றுக்கு 56, மெஸ்ஸுக்கு 88. pH 6.8 இல் மெஸ்ஸுக்கு 58, ஹெப்பெஸுக்கு 92. மற்ற pH களுக்கும் அயனாகிய பங்கை pKa இலிருந்து கணித்து, 50 ஆல் பெருக்கி, 100 இலிருந்து கழித்தால் விடை வந்துவிடும்.

pH ஐத் தாக்கம் நடக்கும் வெப்பநிலையிலேயே, 30 பாகையில், அமையுங்கள். கொழும்பு ஆய்வுகூடங்களில் குளிரூட்டி 22 பாகையில் ஓடும். பகலில் மின்சாரம் போனால் அறை 30 ஐத் தாண்டும். ஹெப்பெஸின் pH ஒரு பாகைக்கு 0.014 அளவு இறங்கும். 22 இல் அமைத்து 30 இல் பயன்படுத்தினால் 0.11 பிசகு. அசற்றேற்றோ அசையவே அசையாது. இப்படி ஒன்று நகர்ந்து மற்றது நகராமல் நின்றால், தொடுப்பில் இல்லாத படிக்கட்டு ஒன்று முளைக்கும்.

அளத்தல்

ஒவ்வொரு சோதனைக்குழாயிலும் இரட்டைச் செறிவுத் தாங்கல் (உப்பும் இரட்டை) 0.5 மி.லீ., நீர் 0.2, கீழ்ப்படையான 10 மில்லிமோலர் பரா-நைத்திரோபீனைல் பொசுபேற்று 0.2 எடுத்து, நீர்த்தொட்டியில் சூடேற விட்டு, நொதியம் 0.1 மி.லீ. சேர்த்துத் தாக்கத்தைத் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் 0.5 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டு 1 மி.லீ. ஊற்றி நிறுத்தி, 405 நானோமீற்றரில் வாசியுங்கள். ஒவ்வொரு pH க்கும் தனி வெற்றுக்குழாய் வேண்டும். அதில் காரத்தை முதலில் ஊற்றிவிட்டு நொதியத்தைச் சேருங்கள்.

காரம் வெறுமனே தாக்கத்தை நிறுத்துவதற்கு மட்டுமல்ல. விளைபொருளான நைத்திரோபீனோலின் pKa 7.15. pH 5 இல் அது ஏறத்தாழ நிறமற்றது, 8 இல் மஞ்சள். தாக்கம் நடக்கும்போதே நேரடியாக வாசித்தால் கிடைப்பது நொதியத்தின் கோடு அல்ல, மஞ்சள் நிறத்தின் கோடு. காரத்தில் எல்லாம் ஒரே மஞ்சளாகிவிடும்.

உறிஞ்சல் 0.36 வந்தது என்று வையுங்கள். அதை நைத்திரோபீனோலின் மோலர் உறிஞ்சற் குணகமான 18,000 ஆல் வகுத்தால் 20 மைக்ரோமோலர், 2 மி.லீ. இல் 40 நானோமோல், நிமிடத்துக்கு 4. தொடக்கத்தில் கீழ்ப்படை 2,000 நானோமோல் இருந்ததால் 2 சதவீதமே தீர்ந்திருக்கிறது. தொடக்க வேகம் என்று துணிந்து சொல்லலாம். ஆனாலும் கோட்டின் உச்சியிலும் இரு ஓரங்களிலும் 5, 10, 15 நிமிட அளவீடுகள் நேர்கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள். இறுதியில் கீழ்ப்படையும் சேர்ந்த, காரம் ஊற்றாத முழுக் கலவையை pH மானியில் வையுங்கள். குறித்த பெறுமானத்திலிருந்து 0.05 க்கு மேல் விலகினால் அந்தப் புள்ளியைத் திரும்பச் செய்யுங்கள். வரைபில் போட வேண்டியது போத்தலில் எழுதிய pH அல்ல, இங்கே அளந்த pH.

தொடுப்பு பொருந்தாவிட்டால்

pH 5.6 இல் அசற்றேற்றில் 0.36, மெஸ்ஸில் 0.35 என்றால், மும்முறை அளவீட்டின் சிதறலுக்குள் அது அடங்கும். பொருந்தியது என்று விடலாம். பொருந்தாதது எப்படி இருக்கும் என்று கண்ணால் காண விரும்பினால், மெஸ்ஸுக்குப் பக்கத்தில் பொசுபேற்றுத் தாங்கலிலும் pH 6.4, 6.8 இல் அளந்து பாருங்கள். எல்லா ஆய்வுகூடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். இந்த நொதியத்துக்கு ஆகவே ஆகாததும் அதுதான். பொசுபேற்று இந்தத் தாக்கத்தின் விளைபொருள். கீழ்ப்படையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் போட்டி நிரோதி. அயன் வலிமையும் pH உம் சரியாக இருந்தும் புள்ளிகள் தெளிவாகக் கீழே விழும்.

மெஸ்ஸில் 0.30, பொசுபேற்றில் 0.15 வந்தது என்போம். இங்கேதான் பலரின் கை துறுதுறுக்கிறது: பொசுபேற்றுப் பகுதி முழுவதையும் இரண்டால் பெருக்கிக் கோட்டை ஒட்டிவிடலாமே! கூடாது. pH மாற மாறப் பொசுபேற்றின் அயன் வடிவமும் நொதியத்தின் அயன் வடிவமும் மாறுகின்றன. நிரோதத்தின் அளவும் கூடவே மாறும். 6.4 இல் இரண்டு மடங்காக இருப்பது 7.2 இலும் இரண்டு மடங்கு என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒட்டிய கோடு அழகாக இருக்கும். அதன் உருவம் பொய்.

பெருக்குவதற்குப் பதிலாக, எந்தத் தாங்கல் குற்றவாளி என்று பாருங்கள். 50 மில்லிமோலர் மெஸ்ஸை pH 6.4 இல் அப்படியே வைத்து, பொசுபேற்றை 0, 2, 5, 10 மில்லிமோலர் என்று சேருங்கள்; pH ஐ மீண்டும் சரிசெய்து, உப்பைக் குறைத்து அயன் வலிமையை 100 இலேயே வைத்திருங்கள். வேகம் படிப்படியாக இறங்கினால் தாங்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பொசுபேற்றின் அயனே காரணம். தாக்கக் கலவையில் கீழ்ப்படையை 2 இலிருந்து 10 மில்லிமோலருக்கு உயர்த்தும்போது இறக்கம் சுருங்கினால் போட்டி நிரோதம் என்பது உறுதி. அசற்றேற்றும் மெஸ்ஸும் ஒட்டாத இடத்திலும் இதே வழிதான்: ஒன்றை நிலையாக வைத்து மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது. எதைச் சேர்த்தாலும் வேகம் மாறவில்லை என்றால், pH அளவீட்டையும் வெப்பநிலையையும் திரும்பச் சந்தேகியுங்கள்.

குற்றவாளி என்று தெரிந்த தாங்கலை வரைபிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவற்றை வட்டம், சதுரம், முக்கோணம் என்று தனித்தனிக் குறிகளால் போடுங்கள்; தொடுப்பிலுள்ள இரண்டு புள்ளிகளையும் சராசரி எடுக்காமல் அப்படியே காட்டுங்கள். கோட்டின் இரு ஓரங்களுக்கும் இன்னும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. நொதியத்தை pH 4.0 இலும் 7.6 இலும் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு pH 5.4 க்குக் கொண்டுவந்து அளவிடுங்கள். முழு வேகமும் திரும்பினால் ஓரத்தில் கண்ட வீழ்ச்சி pH இன் மீளும் பாதிப்பு. திரும்பாவிட்டால் அந்தப் புள்ளிகளில் நீங்கள் அளந்தது நொதியம் சிதைந்துகொண்டிருந்த வேகத்தையும் சேர்த்துத்தான்.