மீன் வலைப் படத்தில் கடல் குதிரை எது, குழல் மீன் எது? படம் பார்த்துப் பிரித்தறியும் முறை

தொண்டிப் பக்கம் கரையேறிய ஓர் இழுவைப் படகின் கழிவு மீன் குவியலை நண்பர் ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "இதில் கடல் குதிரை எத்தனை?" என்பது கேள்வி. குவியலில் சிறு இறால், நண்டுக் கால், கடற்புல், நடுவே ஒரு தண்ணீர் பாட்டில் மூடி. இந்தப் படத்தையே வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நிறத்தை மறந்துவிட்டுத் தோலைப் பாருங்கள்

கடல் குதிரையும் குழல் மீனும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் செதில் கிடையாது. உடம்பு முழுவதும் எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் மூங்கில் கணுக்களைப் போல அந்தக் கோடுகள் தெரியும். நிறத்தை நம்ப முடியாது; இவை உயிரோடு இருக்கும்போதே நிறம் மாறும், செத்த பிறகு இன்னும் மங்கிவிடும்.

நான் முதலில் ஏமாந்ததும் இங்கேதான். குவியலில் கிடந்த ஒரு நீளக் குச்சியைக் குழல் மீன் என்று எண்ணிவிட்டேன். பெரிதாக்கினால் வளையம் இல்லை. இரண்டு தாடைகளும் அலகு போல நீண்டு, பல் தெரிந்தது. அது முரல் மீன் குஞ்சு. குழல் மீனுக்கு மூக்கு முழுவதும் ஒரே குழாய். அதன் நுனியில்தான் பல்லில்லாத சின்ன வாய்.

படி 2: தலை எந்தப் பக்கம் பார்க்கிறது?

தலை உடம்புக்கு நேர்க்கோட்டில் இருந்தால் குழல் மீன். கழுத்தில் மடிந்து, தாடை மார்பைத் தொடுவது போல இருந்தால் கடல் குதிரை. வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடல் குதிரைக்கு வால் துடுப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடற்புல்லில் வாழும் ஒரு பச்சைக் குழல் மீனுக்கும் (*சிங்நாத்தாய்டிஸ் பயாக்குலியேட்டஸ்*) வால் துடுப்பு இல்லை. கடல் குதிரையைப் போலவே வாலைச் சுருட்டிப் புல்லைப் பிடிக்கும். படத்தில் அப்படி ஒன்று வலை நூலைச் சுற்றிப் பிடித்தபடியே செத்துக் கிடந்தது. தலை நேராக இருந்ததால்தான் அது குழல் மீன் என்று பிடிபட்டது.

கத்தி அலகு போலத் தட்டையாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒன்றும் இருந்தது. முதுகுப் பக்கம் கூரான முள்ளில் முடிகிறது. வால் துடுப்பு கீழே தள்ளப்பட்டிருக்கிறது. இதை ஆங்கிலத்தில் ரேஸர் ஃபிஷ் என்பார்கள். தலைகீழாக நீந்தும் மீன். குழாய் வாய் இருந்தாலும் இது வேறு குடும்பம், கணக்கில் சேராது.

படி 3: உயரத்தை அளவிடுங்கள்

கடல் குதிரையின் உயரம் என்பது தலைக் கிரீடத்தின் உச்சியிலிருந்து நீட்டிய வாலின் நுனி வரை. படத்தில் வால் சுருண்டிருக்கும். அதனால் திரைமேல் ஒரு நூலை வைத்து, வளைவின் நடுவே கொண்டு போய், நூலை நிமிர்த்தி அளக்க வேண்டும். பாட்டில் மூடியின் விட்டம் ஏறக்குறைய 3 செ.மீ. என் திரையில் மூடி 2 செ.மீ., நூல் 8 செ.மீ. அப்படியானால் உயரம் சுமார் 12 செ.மீ. மூடி சாய்ந்து கிடந்தால் அதன் நீண்ட விட்டத்தை எடுங்கள். வலைக்கண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள்; அது இழுபடும்.

படி 4: இனமும் ஆண் பெண்ணும்

முதுகோரம் மேலிருந்து எண்ணும்போது 1, 4, 7 ஆகிய வளையங்களில் கரும்புள்ளி இருந்தால் மூன்று புள்ளிக் கடல் குதிரை (*ஹிப்போகாம்பஸ் டிரைமாக்குலேட்டஸ்*). கருத்த உடம்பில் புள்ளி தெரியாமல் போகலாம். அப்போது கன்னத்திலும் கண்ணுக்கு மேலும் கொக்கி போன்ற முள் இருக்கிறதா பாருங்கள். முள்ளே இல்லாமல் மழுங்கிய குமிழ்கள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் *ஹிப்போகாம்பஸ் குடா*. படத்தில் இருந்ததற்கு இரண்டு புள்ளிகள்தான் தெரிந்தன, மூன்றாவதை இறால் மறைத்தது. கன்ன முள் தெளிவாக இருந்ததால் மூன்று புள்ளி என்றே எழுதினேன்.

வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் வழவழப்பான பை இருந்தால் ஆண். முட்டையைச் சுமப்பது அதுதான். பை இல்லாவிட்டால் உடனே பெண் என்று எழுதிவிடாதீர்கள். வளராத ஆணுக்கும் பை இருக்காது. 12 செ.மீ. உயரத்தில் பை இல்லாததால் இதைப் பெண் என்று கொண்டேன்.

படி 5: எழுதி வையுங்கள், எடுத்து வராதீர்கள்

இந்தக் குடும்பம் முழுவதும் 2001-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. காய்ந்த ஒன்றை நினைவாக வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் குற்றம்தான். உயிரோடு இருந்தால் கடலில் விடச் சொல்லுங்கள். படத்தை iNaturalist என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றும்போது தேதி, கரையிறங்கிய ஊர், வலையின் வகை, ஆழம் ஆகியவற்றைக் குறியுங்கள். கரையிறங்கிய இடமும் பிடித்த இடமும் ஒன்றல்ல என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நண்பருக்கு அனுப்பிய பதில்: கடல் குதிரை 1, குழல் மீன் 1, முரல் குஞ்சு 1, ரேஸர் ஃபிஷ் 1. இடது மூலையில் கடற்புல்லுக்கு அடியில் ஒரு சுருண்ட வால் மட்டும் தெரிகிறது. தலை தெரியாததால் அதை எண்ணவில்லை.