பொரிக்கும் எண்ணெயை எப்போது மாற்றுவது? என் அனுபவம்

எங்கள் உணவகத்தில் சிக்கன் 65 பொரிக்கும் எண்ணெயின் நிறத்தை நம்பிப் பயனில்லை. மிளகாய்த்தூள் முதல் நாளே அதைச் சிவப்பாக்கிவிடும். அதனால், எண்ணெய் சூட்டில் கெடக் கெட அதில் பெருகும் போலார் சேர்மங்களை அளக்கும் கருவி வாங்கினேன். இந்தியாவில் 25 சதவீதமே சட்டப்படி உச்சவரம்பு. பொரிப்பதை நிறுத்தி, குமிழிகள் அடங்கியபின் சூடான எண்ணெயில் அளக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

இரவில் எண்ணெயைச் சற்று ஆறவிட்டு வடிகட்டுகிறோம். அடியில் தங்கும் சோளமாவுத் துகள்கள்தான் கருகிக் கசப்பேற்றுகின்றன. ஆனால் வடிகட்டுவதால் போலார் அளவு குறையாது.

திங்களன்று ஊற்றிய எண்ணெய் வியாழன் இரவு 22 காட்டியது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை அது தாங்காது என்பதால் அன்றிரவே வடித்து, பயோடீசலுக்கு வாங்குவோரிடம் கொடுத்துவிட்டோம். இப்போது திங்கள், வெள்ளி காலைகளில் புது எண்ணெய். 22 முன்னதாகவே வந்தால் அன்றே மாற்றிவிடுகிறோம்.