எமுலேட்டர் திணறினால் முதலில் ரேமைத் தொடாதீர்கள்

ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போட்டு கணினியில் மொபைல் கேம் ஆட வரும் புதியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே வரிசையில்தான் தவறு செய்கிறார்கள். கேம் திணறுகிறது, உடனே செட்டிங்ஸைத் திறந்து எல்லா எண்ணையும் உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள், இன்னும் மோசமாகிறது, அப்புறம் எமுலேட்டரையே மாற்றுகிறார்கள், அதுவும் திணறுகிறது, கடைசியில் காசைச் செலவழிக்கிறார்கள். எந்த எமுலேட்டர் நல்லது, எங்கே டவுன்லோடு செய்வது என்பதெல்லாம் ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது, அதை விட்டுவிடுகிறேன். இங்கே அதிகமாகப் பேசப்போவது அந்தச் செலவுக்குக் காரணமான ஒரு விஷயத்தைப் பற்றி.

வர்ச்சுவலைசேஷனைப் பார்க்காமலே மற்றதைத் தொடுவது

எமுலேட்டர் என்பது விண்டோஸுக்குள் ஓடும் ஒரு முழு ஆண்ட்ராய்டு கருவி. அது வேகமாக ஓட வேண்டுமென்றால் பிராசசரில் இருக்கும் வர்ச்சுவலைசேஷன் வசதி அதன் கையில் கிடைக்க வேண்டும். இன்டெலில் அதன் பெயர் VT-x, ஏஎம்டியில் AMD-V. அது கிடைத்தால் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டின் கட்டளைகளைப் பிராசசர் நேரடியாகவே ஓட்டும். கிடைக்காவிட்டால் அந்த வேலையை மென்பொருளே செய்ய வேண்டும், அப்போது எவ்வளவு ரேம் கொடுத்தாலும், எத்தனை கோர் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாது.

என் நண்பர் ஒருவரின் லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு கோர், எட்டு த்ரெட், 8 ஜிபி ரேம். சுமாரான கேம்களுக்கு இது தாராளமாகப் போதும். எமுலேட்டர் திறக்கவே சில நிமிடம் ஆகிறது, கேம் உள்ளே போனால் படம் படமாக நகர்கிறது. கோரை எட்டாகவும் ரேமை 6 ஜிபியாகவும் வைத்தார், சத்தமும் கரகரவென்று உடைய ஆரம்பித்தது. பிறகு இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டார். ஒன்றுமே மாறவில்லை. "ரேம் இரண்டு மடங்கு ஆகியும் ஏன்டா இப்படி?" என்று அவர் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அந்தக் காசு முழுக்க வீண். இரண்டு நிமிடச் சோதனையில் பிடித்திருக்கலாம்.

அந்தச் சோதனை இதுதான். முதலில் கேமையே திறக்காதீர்கள். எமுலேட்டரின் ஹோம் ஸ்கிரீனில், எந்த ஆப்பும் ஓடாதபோது, செட்டிங்ஸ் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். அதுவே இழுத்து இழுத்து நகர்ந்தால் கோளாறு கேமில் இல்லை, கிராபிக்ஸ் செட்டிங்கிலும் அநேகமாக இல்லை. ஹோம் ஸ்கிரீன் சரளமாக ஓடி, கேமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து மட்டும் திணறினால்தான் ரேம், கிராபிக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். நண்பரின் லேப்டாப்பில் வெறும் ஹோம் ஸ்கிரீனே தவழ்ந்தது.

அடுத்து Ctrl+Shift+Esc அழுத்தி டாஸ்க் மேனேஜரில் Performance, அதில் CPU. கீழே `Virtualization: Enabled` என்று இருக்க வேண்டும். `Disabled` என்றால், விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் Intel Virtualization Technology என்றோ VT-x என்றோ இருக்கும், ஏஎம்டியில் SVM Mode. ஒரு எச்சரிக்கை: டிரைவ் பிட்லாக்கரில் என்கிரிப்ட் ஆகியிருந்தால், பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அதை முன்பே எடுத்து வேறு இடத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் கேம் மட்டுமல்ல, டிரைவில் இருக்கும் எல்லாமே கைவிட்டுப் போகும்.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். Enabled என்று பார்த்ததும் சரி, இது பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நண்பரும் அப்படித்தான், அவர் டாஸ்க் மேனேஜரைப் பார்த்திருந்தார். ஆனால் அந்த வரி வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், அது யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

விண்டோஸிலேயே ஹைப்பர்-வி என்ற ஹைப்பர்வைசர், அதாவது ஒரே கணினிக்குள் பல இயங்குதளங்களை ஓட்டும் மென்பொருள், இருக்கிறது. அது ஓட ஆரம்பித்தால் பிராசசரின் வர்ச்சுவலைசேஷனை முதலில் அது எடுத்துக்கொள்ளும், விண்டோஸே அதன் மேல்தான் ஓடும். அதன் பிறகு வரும் எமுலேட்டருக்கு நேரடி வழி அடைபட்டுவிடும். சில எமுலேட்டர்கள் திறக்கவே மறுக்கும், சில மெதுவான பாதையில் நொண்டிக்கொண்டு ஓடும். ப்ளூஸ்டாக்ஸ் 5 போன்றவை ஹைப்பர்-வி மேலேயே ஓடும்படி செய்யப்பட்டிருக்கின்றன, அதனால் எல்லா எமுலேட்டருக்கும் இது ஒரே அளவில் பாதிப்பதில்லை.

இதை யாரும் வேண்டுமென்று இயக்குவதில்லை என்பதுதான் சிக்கல். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் WSL 2 போட்டாலோ, மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் டாக்கர் போட்டாலோ, விண்டோஸ் சாண்ட்பாக்ஸை இயக்கினாலோ இதுவும் கூடவே வந்துவிடும். விண்டோஸ் 11 புதிதாக நிறுவிய பல கணினிகளில் Memory integrity என்ற பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே இயங்கும், அதுவும் இதே ஹைப்பர்வைசரைத்தான் நம்பியிருக்கிறது. நண்பர் ஏதோ பயிற்சிக்காக டாக்கர் போட்டிருந்தார், பயிற்சி முடிந்ததும் அதை மறந்தே போனார்.

கண்டுபிடிக்க Win+R அழுத்தி `msinfo32` என்று தட்டுங்கள். System Summary பக்கத்தின் கடைசி வரிக்குப் போங்கள். அங்கே `A hypervisor has been detected` என்று தொடங்கும் வரி இருந்தால் வர்ச்சுவலைசேஷனை விண்டோஸ் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக Hyper-V என்று தொடங்கி Yes என முடியும் நான்கு வரிகள் இருந்தால் வழி திறந்திருக்கிறது. நண்பரின் திரையில் முதல் வகைதான் இருந்தது.

நிறுத்துவதற்கு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
bcdedit /set hypervisorlaunchtype off
```

பிறகு கட்டாயம் Restart கொடுக்க வேண்டும். Shut down செய்துவிட்டுத் திரும்ப ஆன் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாகப் பழைய நிலையே எழுந்து வரும், "கமாண்ட் வேலை செய்யவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். மறுபடி `msinfo32` பாருங்கள். இன்னும் அதே வரி இருந்தால் Windows Security, Device security, Core isolation details என்று போய் Memory integrity-ஐ நிறுத்திவிட்டு மீண்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்கு விலை உண்டு. நிறுத்தியிருக்கும் வரை WSL 2-வும் டாக்கரும் ஓடாது, Memory integrity தரும் பாதுகாப்பும் போய்விடும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றாலோ, முக்கியமான வேலைகளுக்கும் அதே கணினிதான் என்றாலோ இதைச் செய்யாதீர்கள், ஹைப்பர்-வி மேல் ஓடக்கூடிய எமுலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழையபடி மாற்ற அதே கமாண்டில் `off` இருக்கும் இடத்தில் `auto` போட்டு, Memory integrity-ஐ நிறுத்தியிருந்தால் அதையும் திரும்ப இயக்கி, ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

நண்பரின் எமுலேட்டர் அதன் பிறகு நொடிகளில் திறந்தது. ஆனால் சத்தம் மட்டும் இன்னும் உடைந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் அடுத்தது.

எல்லா கோரையும் எமுலேட்டருக்கே கொடுப்பது

எட்டு த்ரெட் இருக்கிறதே என்று எட்டையும் கொடுத்தால் வேகம் கூடாது. எமுலேட்டர் வரைய வேண்டியதை உண்மையில் வரைவது வெளியே இருக்கும் கிராபிக்ஸ் டிரைவர், ஒலியை வெளியே அனுப்புவதும் விண்டோஸ்தான். அவற்றுக்கும் பிராசசர் நேரம் வேண்டும். உள்ளே இருக்கும் எட்டு கோரும் வெளியே இருக்கும் எட்டு த்ரெட்டும் மோதிக்கொள்ளும்போது முதலில் உடைவது சத்தம், அதற்கப்புறம் ஃபிரேம். நான்கு கோர் லேப்டாப்பில் இரண்டில் தொடங்கி, போதாவிட்டால் நான்கு, அதற்கு மேல் வேண்டாம். நண்பருக்கு நான்கிலேயே சத்தம் சரியாகிவிட்டது.

ரேமும் அப்படியே. விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் 4 ஜிபியாவது மிச்சம் இருக்கட்டும். 8 ஜிபி கணினியில் எமுலேட்டருக்கு 6 கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும், டாஸ்க் மேனேஜரில் Disk 100 சதவீதத்தில் நிற்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 120 FPS

வேண்டாம். 60 போதும்.

கீ மேப்பிங்கை முதலில் செய்துவிட்டு, கேமுக்குள் பட்டன்களைப் பிறகு நகர்த்துவது

W அழுத்தினால் எமுலேட்டர் "முன்னே போ" என்று கேமிடம் சொல்வதில்லை. திரையின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் விரல் வைத்தது போல ஒரு தொடுதலை அனுப்புகிறது, அவ்வளவுதான். அங்கே எந்தப் பட்டன் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் எமுலேட்டரின் திரை விகிதத்தை முடிவு செய்யுங்கள், அடுத்து கேமுக்குள் பட்டன்களின் இடத்தையும் அளவையும் சரி செய்யுங்கள், கடைசியில் கீ மேப்பிங். 1280×720-லிருந்து 1920×1080-க்குப் போனால் பொதுவாகச் சிக்கல் வராது, இரண்டும் 16:9 தான். அகலத் திரைக்கு மாறினால் கேம் தன் பட்டன்களை வேறு இடத்துக்குத் தள்ளும், மேப்பிங் பழைய இடத்தையே தட்டிக்கொண்டிருக்கும். கேம் அப்டேட் வந்த மறுநாள் கீ வேலை செய்யாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஜாய்ஸ்டிக் வட்டத்தில் இன்னொரு விஷயம். WASD-க்கு வைக்கும் வட்டத்தின் நடு, கேமின் ஜாய்ஸ்டிக் நடுவோடு பொருந்த வேண்டும், அளவும் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும். வட்டம் சிறியதாக இருந்தால் தொடுதல் விளிம்பு வரை போகாது, ஆள் ஓடாமல் நடந்துகொண்டே இருப்பான். ரொம்பப் பெரியதாக இருந்தால் பக்கத்து பட்டன் மேல் ஏறி மாட்டிக்கொள்ளும்.

கண்ணை நம்பி நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். எமுலேட்டரின் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் Build number-ஐ ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Show taps இருக்கும், பழைய ஆண்ட்ராய்டில் அதன் பெயர் Show touches. அதை இயக்கிவிட்டு கேமுக்குள் போய் ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள், தொடுதல் எங்கே விழுகிறது என்று வெள்ளைப் புள்ளியாகத் திரையிலேயே தெரியும். புள்ளி பட்டனின் நடுவில் விழவில்லையென்றால் அதை மட்டும் நகர்த்துங்கள்.

மூன்று கீ சேர்ந்தால் ஒன்று வேலை செய்யவில்லை என்று மேப்பிங்கைக் குறை சொல்வது

விலை குறைந்த பல கீபோர்டுகள் சில மூன்று கீ சேர்க்கைகளை அனுப்பவே அனுப்பாது. நோட்பேடைத் திறந்து W, A இரண்டையும் பிடித்துக்கொண்டே R அழுத்துங்கள். r விழவில்லையென்றால் அந்த வேலைக்கு வேறு கீ ஒதுக்குங்கள்.

மேக்ரோ

ஒரு கீயை அழுத்தினால் பல தட்டல்களைத் தானாக ஓட்டும் மேக்ரோ ஆன்லைன் போட்டி கேம்களில் வேண்டாம். கணக்கு முடக்கப்படலாம். எமுலேட்டரையே தடை செய்யும் கேம்களும் உண்டு, விதிகளை முதலில் படியுங்கள்.

கெஸ்ட் கணக்கில் ஆடுவது

இன்ஸ்டன்ஸை, அதாவது எமுலேட்டரில் உருவாக்கிய அந்த ஆண்ட்ராய்டு கருவியை, அழித்தால் கெஸ்ட் கணக்கின் முன்னேற்றமும் அதோடு அழியும். முதல் நாளே கேமைக் கூகுள் போன்ற ஒரு கணக்கோடு இணைத்துவிடுங்கள்.